தனுஷ்கோடிக்கு ரயில் எத்தனை மணிக்கு

"தனுஷ்கோடிக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்பது 1914 முதல் 1964 வரை பாம்பன் நிலையத்தில் நாள்தோறும் எவரேனும் ஒருவர் கேட்ட கேள்வி. அக்காலத்தில் முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கே சென்றது. இராமேஸ்வரத்துக்குப் பாம்பனிலிருந்து கிளைப்பாதைதான். சென்னையிலிருந்து வரும் போட் மெயில் தனுஷ்கோடித் துறையில் பயணிகளை இறக்கிவிட, அவர்கள் கப்பலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயிலேறினர். இன்று தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு மூதாட்டி அதே கேள்வியைக் கேட்டால், வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வர். கேள்வியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. தொடரில் பிழையில்லை, கேட்பவரின் குரலில் தடுமாற்றமும் இல்லை. மாறியிருப்பது ஆண்டு மட்டுமே.

நினைவு தளர்ந்துவரும் முதியவர் ஒருவரை அவர் உள்ளிருந்தே எழுத முற்படும் கதாசிரியருக்கு வேண்டிய முதற்பாடம் இக்கேள்வியில் இருப்பதாக எண்ணுகிறேன். குழப்பம் காலத்தில் இருக்க வேண்டும், தொடரில் இருக்கலாகாது. அம்மூதாட்டி சொல்லும் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆண்டில் உண்மையாக இருந்ததாக அமைய வேண்டும். அப்படி அமைந்தால் வாசகர் அவரைப் பின்தொடர்ந்து செல்வர். அமையாவிட்டால், ஒரு நோயாளியைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்ப்பர். இராமநாதபுரம் கடற்கரையின் வரலாறு தெரிந்த ஒருவருக்கு இந்த வேலை ஓரளவு எளிது. இங்கே பல உண்மைகள் நாள் குறித்து முடிந்துபோயிருக்கின்றன.

கரையின் வரலாற்றுக்குச் செல்லுமுன் நம் மரபில் இதற்கு முன்னோடி உண்டா என்று பார்க்கலாம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய பாட்டை வாசகர்கள் அறிவர். கோலூன்றி நடக்கும் முதியவர் ஒருவர், இளமையில் ஆழ்ந்த நீர்நிலையில் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய நாளை எண்ணிப் பார்க்கிறார். அங்கே நினைவு தளரவில்லை, உடல்தான் தளர்ந்திருக்கிறது; ஆகவே அது நம் பொருளுக்கு நேர் சான்றாகாது. ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. இருமலுக்கு இடையே சில சொற்களே வருகின்றன என்று அம்முதியவர் தம்மைப்பற்றிச் சொல்கிறார். அப்படிச் சொல்லும் பாட்டு எங்கும் இருமவில்லை. யாப்பு முறியவில்லை, எழுவாய் பயனிலையைத் தொலைக்கவில்லை. தளர்ச்சி பாட்டின் பொருளாக இருக்கிறதே ஒழிய, பாட்டின் நோயாக இல்லை.

ஈழத்தில் இந்நிலைக்கு 'அறளை பெயர்தல்' என்று ஒரு வழக்குண்டு. நம் பக்கத்தில் மறதி, தடுமாற்றம், புத்தி பேதலிப்பு என்று பலவாறு சொல்கிறோமே தவிர, இவ்வளவு குறிப்பான ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. தலைமன்னாருக்கும் நமக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில் மீனும் துணியும் மனிதர்களும் வந்தார்கள். இந்தச் சொல் வந்து தங்கியிருக்கலாம், தங்கவில்லை.

மருத்துவ வரலாற்றில் இதன் முதற்பக்கம் 1901ஆம் ஆண்டு நவம்பரில் எழுதப்பட்டது. ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஆகுஸ்ட டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணிடம் அலோய்ஸ் ஆல்ஸைமர் கேள்விகள் கேட்டு விடைகளைக் குறித்துக்கொண்டார். பெயரென்ன என்றால் ஆகுஸ்ட என்கிறார். கணவர் பெயரைக் கேட்டாலும் ஆகுஸ்ட என்றே சொல்கிறார். பன்றியிறைச்சியும் காலிஃபிளவரும் உண்டுகொண்டிருக்கையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பசலைக்கீரை என்று பதில் வருகிறது. இந்தக் கோப்பு காணாமற்போய் 1995இல்தான் மீண்டும் கிடைத்தது. மிக முக்கியமான ஆவணம். ஆனால் முற்றிலும் வெளியிலிருந்து எழுதப்பட்டது. பசலைக்கீரை என்ற விடை கேட்பவருக்குத் தவறு. அந்த அம்மையாருக்கு அது எந்த நாளின், எந்த அடுப்படியின் கீரை என்று எவரும் கேட்கவில்லை. கேட்பது மருத்துவரின் வேலையும் அன்று. அக்கேள்வி கதாசிரியருடையது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1881இல், தெயோதூல் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர் நினைவின் நோய்கள் குறித்து எழுதிய நூலில் ஒரு வரிசையைச் சுட்டியிருந்தார். அண்மைக் காலத்தவை முதலில் அழிகின்றன. பழையவை பிந்தி அழிகின்றன. கைப்பழக்கமாகிவிட்டவை அவற்றினும் பிந்தி நிற்கின்றன. இந்த வரிசைக்கு விதிவிலக்குகள் உண்டு என்றாலும், கதைக்கு இதுவே நல்ல அடிப்படை. கதாபாத்திரம் எதையெதை இழக்கும் என்பதை ஆசிரியர் தம் விருப்பப்படி தீர்மானிக்க இயலாது. பேத்தியின் திருமணத்தை நினைவில் வைத்துக்கொண்டு தம் திருமணத்தை மறந்த மூதாட்டி ஒருவரை எழுதினால், அறிந்த வாசகர் உடனே நம்பிக்கை இழப்பார். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலமே முதுமையில் அடர்த்தியாக நினைவுக்கு வருகிறது என்பதும் பின்னாளில் பலமுறை உறுதிப்பட்ட செய்தி.

இனி நம் மூதாட்டியைக் கற்பனை செய்வோம். 1938இல் தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964இல் வயது 26. கதை நிகழ்வது 2017இல், அவருடைய 79ஆம் வயதில், தங்கச்சிமடத்தில் பேத்தியின் வீட்டில். பெயர் வேண்டாம், வீட்டில் அவர் அப்பத்தா.

அவருக்கு எது எது எந்த ஆண்டுவரை உண்மை என்று ஒரு தாளில் எழுதிப்பார்த்தால் கதையின் நிலம் தெரிந்துவிடும். அணாக் கணக்கு 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபின் மெல்ல ஒழிந்தது. அப்போது அவருக்கு 19 வயது. ஆகவே அவர் மீன் விலையை அணாவில் சொன்னால் அவர் திருமணத்துக்கு முன்போ அதை ஒட்டியோ இருக்கிறார் என்று கொள்ளலாம். தலைமன்னார்க் கப்பல் தனுஷ்கோடியிலிருந்து புறப்பட்டது 1964 வரை. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 'இராமானுஜம்' என்ற கப்பல் ஓடி, 1980களின் தொடக்கத்தில் இலங்கைப் போரினால் நின்றது. கப்பலை இர்வின் என்றோ கோஷன் என்றோ அவர் சொன்னால் பழைய தனுஷ்கோடியில் இருக்கிறார். இராமானுஜம் என்றால் இராமேஸ்வரத்துக்கு வந்துவிட்டார். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பேருந்தில் போகலாம் என்பது 1988இல் சாலைப் பாலம் திறந்த பின்னர் வந்த உண்மை. அதற்கு முன் வாழ்பவருக்கு "பஸ்ஸில் இராமநாதபுரம் போய்வந்தேன்" என்று பேத்தி சொல்வது விளங்காது. பொய் சொல்கிறாள் என்றே நினைப்பார்.

இவற்றைவிடப் பயன்படுபவை பெயர் மாறாமல் பொருள் மாறிய இடங்கள். 'மண்டபம் கேம்ப்' என்று இவ்வட்டாரத்தில் ஒரு சொல் நூறாண்டாகப் புழங்குகிறது. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலித் தொழிலாளரை நோய்த்தொற்றுக்கு அஞ்சித் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் அது. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின், அதே தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தோர் அங்கே இறங்கினர். 1983க்குப் பின் அகதிகள் வந்தனர். மூன்று கூட்டத்தார், மூன்று காலம், ஒரே சொல். "கேம்பில் ஆள் வந்திருக்கு" என்று தொலைக்காட்சிச் செய்தியைக் கேட்டு யாரோ சொன்னால், அப்பத்தாவின் மனம் மூன்றில் எந்தக் காலத்திலும் இறங்கிக்கொள்ளலாம். காலம் நழுவுவதைக் காட்ட ஆசிரியர் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. சொல்லே கதவாக இருக்கிறது.

இத்தகைய நழுவல் நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. அப்துல் கலாம் 1999இல் வெளியிட்ட 'அக்கினிச் சிறகுகள்' தன்வரலாற்றில், தந்தையார் படகு கட்டிய தம் இளம்பருவக் கதையைத் தொடர்ந்து, ஒரு புயலில் அப்படகு அழிந்ததையும், பயணிகளோடு ரயில் போய்க்கொண்டிருக்கையில் பாம்பன் பாலம் இடிந்ததையும் அடுத்தடுத்துச் சொல்கிறார். வரலாறு அறிந்த ரயில் விபத்து 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி நிகழ்ந்தது. அப்போது கலாமுக்கு வயது 33. பாலத்தின் பெரும்பகுதி அந்த இரவில் அழிந்தது உண்மை. கப்பல்களுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஆனால் ரயில் பாலத்தின்மீது இல்லை. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணி வண்டி, தீவுக்குள்ளேயே தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அலையில் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இறந்தனர். பாலத்தையும் ரயிலையும் இணைத்துச் சொல்வது இவ்வூர்ப் பக்கம் பலர் வாயிலும் கேட்கும் வடிவமே. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நினைவு எப்போதும் தனித்தனிப் புயல்களை வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே புயலாக மடித்து வைத்துக்கொள்கிறது. நல்ல மனத்திலேயே இது நிகழ்வதால்தான், தளர்ந்த மனத்தை எழுதும்போது வாசகரால் உடன்வர முடிகிறது. அப்பத்தாவுக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, நம்மால் மடிப்பைப் பிரித்துப் பார்க்க முடியும் என்பதே.

இப்போது ஒரு பத்தியை எழுதிப் பார்க்கலாம். அப்பத்தாவின் தம்பி பாம்பனில் வேலை பார்த்தவர். அந்த இரவு வண்டியில் வீடு திரும்பியவர் என்று வைத்துக்கொள்வோம்.

"வாடை விழுந்து நாலு நாளாயிற்று. வடகடல் இரைகிறது. அவள் விளக்கைத் தாழ்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தம்பி இரவு வண்டிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். சோற்றில் நீரூற்றிவிடலாமா என்று நினைத்தாள். பசியோடு வருகிறவனுக்கு எப்படி நீர்ச்சோறு வைப்பது? ஆத்தா உள்ளேயிருந்து வந்து சுவரில் எதையோ தட்டினாள். வீடு முழுவதும் வெள்ளையாக வெளிச்சம் பரவிற்று. 'ஏன் இருட்டுல நிக்கிற?' என்றாள் ஆத்தா. விளக்கில் எண்ணெய் போதாது என்று சொல்ல வாயெடுத்தாள். இவ்வளவு வெளிச்சத்தில் எண்ணெயைப் பற்றி என்ன பேச்சு என்று வெட்கமாயிற்று; பேசாமல் உள்ளே போனாள்."

இதில் முறிந்த தொடர் ஒன்றுகூட இல்லை. வாடைக்காற்று வடகிழக்குப் பருவத்தைச் சொல்கிறது. அக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் இரையும் என்பது கரையார் அறிந்தது. ஆகவே மாதம் சரி. தவறியது ஆண்டுதான். சுவரில் தட்டியதும் வெளிச்சம் வந்தது என்ற ஒரு செயலில் வாசகர் 2017க்குத் திரும்பிவிடுகிறார், அப்பத்தா திரும்பவில்லை. முதலில் 'தாழ்த்தி வைத்த' விளக்கும் மின்விளக்கே என்பது அப்போதுதான் விளங்குகிறது: கை செய்தது ஒன்று, மனம் அதற்கு வைத்த பெயர் வேறொன்று.

'ஆத்தா' என்ற விளியைக் கவனிக்க வேண்டும். வந்தவள் பேத்தி. நம் வீடுகளில் பேத்தியையும் மகளையும் வாஞ்சையாக 'ஆத்தா' என்றே அழைக்கிறோம்; பெற்ற தாயும் ஆத்தாதான். எனவே அப்பத்தா யாரைக் கண்டார் என்பதை வாசகர் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். தமிழில் ஒரு முறைப்பெயரே போதும்.

வேறோர் உதவி நம் இலக்கணத்திலேயே கிடைக்கிறது. பவணந்தியார் நன்னூலில் காலவழுவமைதி பேசுகையில், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் ஒன்றுக்கொன்று மயங்கி வரலாம் என்று இடமளிக்கிறார். உண்டுகொண்டிருப்பவர் வாசலில் அழைப்பவரிடம் "வந்துவிட்டேன்" என்கிறார். இன்னும் எழவே இல்லை, ஆயினும் விரைவு கருதி அது வழுவன்று. அப்பத்தா "தம்பி வந்துட்டான்" என்று சொல்லும்போது, அது நேற்று நடந்ததா, இப்போது வாசலில் நிகழ்கிறதா, இனி நிகழப்போவதன் மீதுள்ள தெளிவா என்று பிரிக்க இயலாது. இலக்கணப்படி மூன்றும் செல்லும். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் உறங்குகிறார்கள். சிறுகதை எழுதும் மாணவர்களாவது விழித்திருக்கலாம்.

படர்க்கையில் எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு. 'நான்' என்று தன்மையில் எழுதினால், தளர்ச்சி கூடக்கூட மொழியும் தளர்ந்தாக வேண்டும் என்ற கடமை வந்துவிடுகிறது. 1984இல் டச்சு எழுத்தாளர் பெர்ன்லெஃப் தம் நாவலில் அதைத் துணிந்து செய்தார். மாசசூசெட்ஸ் மாநிலப் பனிக்காலத்தில் வாழும் முதியவர் தாமே கதை சொல்லச் சொல்ல, முடிவை நெருங்கும்போது தொடர்கள் உதிர்கின்றன. நாவல் முழுக்க வாசகரைப் பழக்கிவிட்டதால் அங்கே அது தாங்குகிறது. எட்டுப் பக்கச் சிறுகதையில் தாங்காது. படர்க்கையில் தொடர் கதைசொல்லியுடையது, நம்பிக்கை அப்பத்தாவுடையது. இந்தப் பிரிவினை இருக்கும்வரை வாசகருக்குக் காலூன்ற இடமுண்டு.

பத்திரிகைகளுக்கு வரும் கதைகளில் காணும் பெருங்குறை, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் மூன்று புள்ளி வைப்பது. "நான்... எங்கே... யார் நீ..." என்று எழுதினால் தளர்ந்த நினைவு வந்துவிடுவதாக ஒரு நம்பிக்கை. உள்ளிருப்பவருக்குத் தாம் குழம்பியிருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. அவருக்கு உலகந்தான் விசித்திரமாக நடந்துகொள்கிறது. அதற்கு அவர் காரணம் தேடுகிறார். பகுத்தறியும் ஆற்றல் நினைவோடு சேர்ந்து ஒரே நாளில் போய்விடுவதில்லை. இல்லாத நினைவை நியாயமான ஊகத்தால் இட்டு நிரப்பும் அந்த உழைப்புதான் படிக்கத் தக்கது, நெஞ்சைத் தொடுவது.

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் மணலில் ஓடும் வேன்களில்தான் போக வேண்டும். சாலை திறந்த புதிதில் குடும்பத்தார் அப்பத்தாவைக் காரில் அழைத்துச் செல்வதாக ஒரு காட்சி. தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. எழுதத் தெரியாதவர் இங்கே அப்பத்தாவைக் கதறவிடுவார். நான் இப்படி எழுதுவேன்:

"கோயிலைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கூரை மாற்றுகிறார்கள் போலும். நல்லதுதான், போன மழைக்கே ஒழுகிற்று. கொத்தனார்கள் ஒருவரையும் காணோம். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, சாப்பிடப் போயிருப்பார்கள். வேலை இப்படிக் கிடந்தால் திருநாளுக்குள் எப்படி முடியும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்."

இடிபாட்டைக் கண்ட கண் பழுதில்லை. கூரை இல்லை என்று சரியாகவே பார்க்கிறது. கொத்தனார் இல்லாததையும் கவனிக்கிறது, அதற்குக் காரணமும் கண்டுபிடிக்கிறது. 53 ஆண்டுகள் ஒரு மதிய உணவு நேரமாகச் சுருங்கிவிட்டன என்பதை அப்பத்தா அறியார், வாசகர் அறிவார். அந்த இடைவெளியில் ஆசிரியர் ஒரு சொல்லும் சேர்க்கத் தேவையில்லை. உடன்வந்த பேரன் "அப்பத்தாவுக்கு ஞாபகம் போயிருச்சு" என்று யாரிடமாவது விளக்கினால் எல்லாம் கெட்டது.

புயல் இரவை முழுவதுமாக ஒரு பெருங்காட்சியாக எழுதிவிடும் ஆசையையும் அடக்க வேண்டும். தனுஷ்கோடி என்றாலே 1964 என்று ஆகிவிட்டது. அதற்கு முந்தைய ஐம்பதாண்டு அன்றாடம், அந்த ஒரே இரவுக்கு முன்னுரையாகிவிட்டது. நினைவு தளர்ந்தோர் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பெரும்பாலும் அன்றாடத்தில்தான்: கருவாட்டைச் சிப்பம் கட்டும் வேலை, தண்ணீர் எடுக்கும் முறை, வண்டி வரும் நேரம். புயல் அதன் ஓரத்தில் இருந்தால் போதும்.

ஓரத்தில் எப்படி என்பதற்கு ஒரு காட்சி. மாலை மங்கும் வேளையில் இத்தகையோரின் அமைதியின்மை கூடுவதைப் பராமரிப்போர் அறிவர். அப்பத்தா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறார். "ஏத்தா, தனுக்கோடி வண்டி வந்துருச்சா?" பேத்தி தொடக்கத்தில் உண்மையைச் சொல்லிவந்தாள்: அந்த வண்டி போய்விட்டது, தாத்தா போய்விட்டார், ஐம்பது வருடமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்பத்தா அப்போதுதான் கேட்டவராக அழுதார். ஒரே சாவை நாள்தோறும் அறிவிப்பது கொடுமை என்று பேத்திக்கு விளங்கிற்று. ஆகவே ஒரு சிறு பொய்க்கு வருகிறாள். அவளுக்குத் தெரிந்த ரயில் 2017இன் ரயில். அது எதற்கு நிற்குமோ அதற்கே இதுவும் நிற்பதாகச் சொல்கிறாள்.

"'சிக்னல் விழலையாம் அப்பத்தா. அதான் வண்டி வெளியில நிக்கிதாம். நீ வந்து சாப்புடு' என்றாள் ஆத்தா. அவள் தட்டின் முன் உட்கார்ந்தாள். சோறு சூடாக இருந்தது. கை நடுங்கியது. ஏன் நடுங்குகிறது என்று கையைப் பார்த்தாள். குளிர் இல்லை. மீன் நல்ல மீன். யாரோ ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஆத்தா வருத்தப்படுவாள். கை நின்றபாடில்லை, அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்."

அந்த இரவில் தனுஷ்கோடிக்குச் சற்று முன்பாகச் சிக்னல் இயங்கவில்லை, வண்டி நின்றது, பின் ஓட்டுநர் ஊதிவிட்டு மெல்ல நகர்த்தினார் என்பதே இன்றும் சொல்லப்படும் வரலாறு. பேத்திக்கு இது தெரியாது. இரக்கத்தில் சொன்ன பொய் உண்மையின் மீது போய் விழுந்துவிட்டது. 2010இல் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நினைவிழந்தோருக்குத் துயரத் திரைக்காட்சிகளைக் காட்டிப் பார்த்தபோது, பார்த்தது மறந்த பிறகும் துயரம் தங்கியிருந்ததைக் கண்டனர். நடுங்கும் கை அதுவே. காரணம் போய்விட்டது, நடுக்கம் போகவில்லை. இக்காட்சியில் புயல் என்ற சொல்லே வரவில்லை. சிக்னல் பற்றி அறியாத வாசகருக்கும் கை நடுங்குவது தெரியும். அறிந்த வாசகருக்கு ஏன் என்பதும் தெரியும். கதையில் ஆசிரியர் இதை விளக்கலாகாது. கட்டுரையாக இருப்பதால் நான் விளக்குகிறேன்.

இம்முறைக்கு எல்லை உண்டு. 'ஏதோ ஓர் ஆண்டில் உண்மை' என்ற விதி, ஆண்டுகள் அடுக்கடுக்காக எஞ்சியிருக்கும்வரைதான் செல்லும். நோய் முற்றும்போது ஆண்டுகளும் போகின்றன, பெயர்கள் போகின்றன, பின் சொற்களே போகின்றன. அந்நிலையில் உள்ளிருந்து எழுதுவதாகச் சொல்லிக்கொள்வது ஆசிரியரின் கற்பனைக் கவிதையாக முடியும். அவ்வாறு முடிந்த நாவல்களும் உண்டு. அங்கே கதைசொல்லி மனத்தை விட்டு வெளியே வந்து கையின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவது நேர்மையானது. ரிபோ சொன்ன வரிசையில் கைப்பழக்கம் கடைசியில் நிற்கிறது. பனையோலை ஒன்றைக் கையில் கொடுத்தால், கொடுத்தவர் யாரென்று தெரியாமலே அப்பத்தா அதைக் கிழித்து நனைத்து முடைவார். ஓரம் மடிக்கும் இடத்தில் நின்று, விரலால் எண்ணிப் பார்த்து, மடித்துத் திருப்புவார். பெட்டி எதற்கு என்று கேட்டால் விடை வராது. விரல்கள் கருவாட்டுப் பெட்டியின் அளவுக்கு முடைந்துகொண்டிருக்கும்.